மாலை போட்ட 48 நாளில் தெளிந்த தோல், மாசியில் மறுபடி ஏன் வந்தது?

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43. நீடாமங்கலம் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுகிறேன். எட்டு வருஷமாகச் சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், முதுகு, தலை எல்லா இடத்திலும் உண்டு. தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு. புரட்டாசியில் டாக்டர் வாரம் ஒருமுறை போடும் மாத்திரை (மெத்தோட்ரெக்சேட்) எழுதிக் கொடுத்தார். ஞாயிறுதான் மாத்திரை நாள். குடிக்கிற அன்று மாத்திரை கூடாது என்று சொன்னதால், ஞாயிறு சரக்கு போட்டால் மாத்திரையை விட்டுவிடுவேன். கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டேன். 48 நாளும் குடிக்கவில்லை. முதல் மூன்று நாள் தூக்கம் இல்லை, கை லேசாக நடுங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது. மலைக்குப் போய் வருவதற்குள் முதுகு முழுக்கத் தெளிந்து போனது. மாலையைக் கழற்றிய பிறகு பழையபடி ஆரம்பித்தேன். மாசியில் மொத்தமாகத் திரும்ப வந்துவிட்டது. இது குடியாலா, விரதத்தாலா, ஐயப்பன் அருளா? பிராந்தியை விட்டு பீருக்கு மாறினால் போதுமா? இன்னொன்று. என் தம்பிக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் எக்ஸிமா. அவனும் என்னோடு மாலை போட்டான், குடிக்கவில்லை. அவனுக்கு மட்டும் அதிகமாகிவிட்டது. அது ஏன்?

— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

ஐயா, வணக்கம்.

டெல்டாவில் தோல் மருத்துவம் பார்ப்பவர்களுக்குத் தை, மாசி மாதங்களில் இந்தக் கதை பழக்கமானது. மாலை போட்டிருந்தபோது நன்றாக இருந்தது, கழற்றியதும் வந்துவிட்டது என்று யாராவது ஒருவர் சொல்வார். நீங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக விவரம் எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதலில் பருவத்தைப் பாருங்கள். கார்த்திகை கடைசியும் மார்கழியும் பனிக்காலம். காற்றில் ஈரம் குறையும், வெயில் குறையும், தோல் வறளும். சொரியாசிஸ் உள்ளவர்களில் பலருக்கு அந்த மாதங்களில்தான் அதிகமாகும். உங்களுக்கோ சரியாக அந்த நேரத்தில் குறைந்திருக்கிறது. பருவம் இழுத்த பக்கத்துக்கு எதிராக உங்கள் தோல் போயிருக்கிறது என்றால், வேறு ஏதோ ஒன்று பலமாக வேலை செய்திருக்கிறது. அது குடியை நிறுத்தியது மட்டும்தானா என்று கேட்டால், உடனே ஆமாம் என்று சொல்ல என்னால் முடியாது. ஏனென்றால் அந்த 48 நாளில் நீங்கள் மாற்றியது ஒன்றல்ல.

அதில் பெரியது உங்கள் மாத்திரை. மெத்தோட்ரெக்சேட் இன்று போட்டு நாளை கேட்கிற மருந்து இல்லை. ஆரம்பித்து நான்கிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும்படி வேலை காட்டும். முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு மாதம்கூட ஆகும். புரட்டாசியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐப்பசி முழுக்க ஞாயிறுதோறும் குடித்திருக்கிறீர்கள், அதனால் மாத்திரையைப் பாதிக்கு மேல் விட்டிருப்பீர்கள். கார்த்திகையில் மாலை போட்டதும் ஞாயிறு தடை நீங்கிவிட்டது. ஏழு வாரம் ஒரு வாரம்கூடத் தவறாமல் மாத்திரை உள்ளே போயிருக்கிறது. மாலையைக் கழற்றியதும் ஞாயிறு சரக்கு திரும்பியது, மாத்திரை மறுபடி நின்றது. அந்த மாத்திரைப் பட்டையையும் மருந்துக் கடை ரசீதையும் எடுத்து எண்ணிப் பாருங்கள். தை பிறந்ததிலிருந்து எத்தனை ஞாயிறு வந்தது, எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே மாசியில் வந்ததற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆகவே குடி உங்களுக்கு இரண்டு வழியில் கெடுதல் செய்திருக்கிறது. ஒன்று நேராக, இன்னொன்று மருந்தை விட வைத்து. இந்த இரண்டாவது வழியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான் பார்க்கிறவர்களில் சிகிச்சை கேட்கவில்லை என்று வருகிற குடிப்பவர்கள் பலருக்கு மருந்தில் குறை இருப்பதில்லை, மருந்து உள்ளே போகாததுதான் குறை. மாத்திரை மட்டுமில்லை, ராத்திரி படுக்கும் முன் தடவ வேண்டிய களிம்பும் அப்படித்தான். குவார்ட்டர் போட்டுவிட்டு முதுகுக்குக் களிம்பு தடவிக்கொண்டு படுக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி நேரடி வழி. சொரியாசிஸ் என்பது தோலின் மேல் அழுக்கோ கிருமியோ படிந்து வருவதில்லை. நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் காரணமில்லாமல் தோலைத் தூண்டிவிடுகின்றன. சாதாரணமாக மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அது மூன்று முதல் ஐந்து நாளில் நடக்கிறது. முதிராத தோல் அணுக்கள் மேலே வந்து குவிவதுதான் நீங்கள் வேட்டியிலும் படுக்கையிலும் பார்க்கிற வெள்ளைச் செதில். இந்தத் தூண்டுதலில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அடலிமுமாப் போன்ற விலை உயர்ந்த ஊசிகள் அதைத்தான் அடக்குகின்றன. மது அதே பொருளின் சுரப்பைக் கூட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் தோல் அணுக்களின் மேல் மதுவைச் சேர்த்துப் பார்த்தபோது அவை இன்னும் வேகமாகப் பெருகின என்றும் கண்டிருக்கிறார்கள். குடல் சுவரும் மதுவால் இளகி, உள்ளே இருக்க வேண்டிய கிருமிப் பொருட்கள் ரத்தத்துக்குள் கசிகின்றன. அதுவும் அழற்சியைக் கூட்டும். ஊசி ஒரு பக்கம் குறைப்பதை மது மறுபக்கம் ஏற்றுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எங்களிடம் வருகிறவர்கள் எல்லாருமே ‘கொஞ்சம்தான் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். டாஸ்மாக்கில் வாங்குகிற பிராந்தி குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் இருக்கிற சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சொன்னால் சுமார் 60 கிராம். உங்கள் கணக்குப்படி வாரத்துக்கு எட்டு குவார்ட்டர், அதாவது 480 கிராம். சராசரியாக ஒரு நாளைக்கு 70 கிராமை நெருங்குகிறது. பின்லாந்தில் இளைஞர்களையும் நடுவயது ஆண்களையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 1990-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சொரியாசிஸ் வருவதற்கு முந்தைய காலத்தில் அந்த நோயாளிகள் நாளொன்றுக்குச் சராசரியாக 43 கிராம் குடித்திருந்தார்கள். வேறு தோல் நோய் உள்ள ஒப்பீட்டு ஆட்கள் 21 கிராம். நீங்கள் அந்த 43-ஐயும் தாண்டி நிற்கிறீர்கள். குடி மட்டுமே இந்த நோயைக் கொண்டுவருகிறது என்று இதற்கு அர்த்தமில்லை. பரம்பரை, தொண்டைப் புண், புகை, உடல் பருமன், மன அழுத்தம் எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஒரு சொட்டு தொடாதவர்களுக்கும் சொரியாசிஸ் உண்டு. ஆனால் அதிகமாகக் குடிக்கிற ஆண்களுக்கு நோய் கடுமையாக இருப்பதும், சிகிச்சைக்குச் சரியாக மசியாமல் போவதும் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம்.

பீருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் ஆல்கஹால் 41 கிராம் இருக்கிறது. இரண்டு பாட்டில் அடித்தால் குவார்ட்டரைத் தாண்டிவிடும். அதோடு அமெரிக்காவில் செவிலியர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. அதில் சொரியாசிஸ் வருவதோடு தெளிவாகத் தொடர்பு காட்டியது ஒயினோ மற்ற சரக்கோ இல்லை, சாதாரண பீர்தான். அது பெண்களிடம் நடந்த ஆய்வு, உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பீர் பாதுகாப்பானது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

விரதத்துக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். மாலை போட்ட சாமிகள் சீக்கிரம் படுக்கிறார்கள், நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார்கள், பீடி சிகரெட் கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்கு முட்டை புரோட்டா கிடையாது. எடையும் இரண்டு மூன்று கிலோ குறையும். இவை எல்லாமே சொரியாசிஸுக்கு நல்லது. மாலையைக் கழற்றிய பிறகு உங்களுக்கு வந்தது சம்பா அறுவடை. ராத்திரி பகலாக மெஷின் ஓட்டம், தூசி, வைக்கோல் சுணை, மூன்று மணி நேரத் தூக்கம். அதனால் மாசியில் வந்ததை முழுக்கச் சரக்கின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஐயப்பன் அருளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன ஒரு வரிக்கு வருகிறேன். முதல் மூன்று நாள் தூக்கம் இல்லை, கை நடுங்கியது. எனக்கு இந்தக் கடிதத்தில் அதிகக் கவலை தந்தது இதுதான். உடம்பு மதுவுக்குப் பழகிப்போய்விட்டது என்பதன் அடையாளம் அது. இந்த முறை லேசான நடுக்கத்தோடு போயிற்று. ஒவ்வொரு முறை திடீரென்று நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும்போதும் அடுத்த முறை நிறுத்துவது கடுமையாகலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வியர்த்துக் கொட்டி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. அது உயிருக்கு ஆபத்தான நிலை. அப்படி ஆனால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆகவே தோலுக்காக நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போங்கள். நடுக்கத்தை அடக்க ஒரு வாரம், பத்து நாளுக்குப் படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும், பி1 வைட்டமினும் கொடுத்து நிறுத்த வைப்பார்கள். போவதற்குக் கூச்சமாக இருந்தால் மனநல உதவிக்கான 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலோ, போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலோ முதலில் பேசிப் பாருங்கள். இரண்டும் இலவசம்.

நிறுத்த வேண்டுமா, குறைத்தால் போதாதா என்று நினைப்பீர்கள். வாரத்துக்கு இத்தனை கிராமுக்குக் கீழே போனால் சொரியாசிஸ் வராது என்று ஓர் எல்லைக்கோடு இல்லை. ஞாயிறு ஒரு பீரோடு நிறுத்திக்கொள்கிற, கை நடுங்காத, வேறு மருந்து சாப்பிடாத ஒருவராக இருந்தால், பாதியாகக் குறைத்துப் பாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நடுக்கம் ஒரு காரணம். மெத்தோட்ரெக்சேட் இன்னொரு காரணம்.

அந்த மாத்திரை விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஊர் முழுக்க இருக்கிறது. மாத்திரை போடும் அன்று மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும் என்று. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை போடுகிற மருந்தாக இருப்பதற்குக் காரணமே அது அணுக்களுக்குள் போய் நீண்ட நாள் தங்கிவிடுவதுதான். கல்லீரலிலும் தங்குகிறது. திங்கள் முதல் சனி வரை தினமும் ஒரு குவார்ட்டர் இறங்கும்போது அதே கல்லீரல் இரண்டையும் சேர்த்துத் தாங்குகிறது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு படிவது அதிகம். மூன்றும் சேர்ந்தால் பல வருஷத்தில் கல்லீரல் தழும்பேறிப் போகும். ஆரம்பத்தில் வலியோ மஞ்சளோ எதுவும் தெரியாது. அதனால்தான் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆரம்பித்த சில வாரத்திலும், அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம். புரட்டாசிக்குப் பிறகு நீங்கள் செய்திருக்கிறீர்களா? செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள். நீங்கள் குடிக்கிற உண்மையான அளவு தெரிந்தால் உங்கள் டாக்டர் மெத்தோட்ரெக்சேட்டே வேண்டாம், வேறு மருந்துக்குப் போவோம் என்றுகூடச் சொல்லலாம். அவர் முடிவு அது. ஆனால் அளவை மறைத்தால் அந்த முடிவை அவரால் எடுக்க முடியாது.

தொடரச் சொன்னால், ஞாயிறு என்ற மாத்திரை நாளை அவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஞாயிறுதான் அதிகம் தவறுகிற நாள். செவ்வாயோ புதனோ வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், அதற்கு மேல் ஆகிவிட்டால் அந்த வாரம் விட்டுவிட்டு அடுத்த வாரம் வழக்கம்போல். இரண்டு வாரத்துக்கானதைச் சேர்த்துப் போடக் கூடாது, தினமும் போடவே கூடாது. தினமும் போட்டு வாய் முழுக்கப் புண்ணும் காய்ச்சலுமாக வந்து சேருகிறவர்கள் உண்டு. அது உயிரை வாங்கக்கூடிய தவறு. கூடவே எழுதிக் கொடுத்திருக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு மாத்திரை, அதை டாக்டர் சொன்ன நாளில் போட வேண்டும். வெட்பாலைத் தைலம் மேலே தடவுகிறீர்கள் என்றால் தடவிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பெயர் இல்லாத பொட்டலப் பொடி, லேகியம் எதையும் இந்த மாத்திரையோடு உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். கல்லீரல் கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

நிறுத்தினால் என்ன தெரியும், எப்போது தெரியும்? முதலில் மாறுவது அரிப்புதான். ஒன்றிரண்டு வாரத்தில் ராத்திரி அரிப்பு குறைந்து தூக்கம் நீளும். அப்புறம் படுக்கையில் உதிர்கிற செதில் குறையும். பெருக்கித் தள்ளுகிற வீட்டம்மாவுக்கு உங்களுக்கு முன்னால் தெரிந்துவிடும். புதுப் புள்ளிகள் வருவது நிற்கும். முதுகு, வயிறு போன்ற இடங்களில் இருக்கிற மெல்லிய படைகள் சீக்கிரம் தட்டையாகும். உங்களுக்கும் முதுகுதான் முதலில் தெளிந்திருக்கிறது. முழங்கை, முழங்கால், முன்காலில் இருக்கிற தடித்த படைகளுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். நகத்தில் குழியோ மஞ்சளோ இருந்தால் கைநகம் முழுக்க வளர்ந்து வெளியேற ஆறு மாதம் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். நம் நிறத்துக்குப் படை ஆறிய இடம் கறுத்தோ வெளுத்தோ பல மாதம் நிற்கும். அதைப் பார்த்து ‘இன்னும் போகவில்லையே’ என்று சிலர் மனம் விட்டுவிடுகிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள். மேடாக, சொரசொரப்பாக இருந்தால்தான் நோய். வழவழப்பாக இருந்தால் அது வெறும் தழும்பு நிறம்.

இது குடியாலா என்ற உங்கள் கேள்விக்கு நீங்களே விடை கண்டுபிடிக்கலாம். மருத்துவர் துணையோடு நிறுத்திய நாளிலிருந்து 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை, களிம்பு இரண்டையும் மாற்றாமல் ஒரே மாதிரி தொடருங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் முதுகையும் முழங்காலையும் மகனையோ மனைவியையோ போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். விரல்களோடு சேர்த்த உங்கள் உள்ளங்கை அளவு உடம்பின் பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம். மொத்தம் எத்தனை கை அளவு படை இருக்கிறது என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே பக்கத்தில் மாத்திரை போட்டேனா, அந்த வாரம் எத்தனை ராத்திரி அரிப்பில் விழித்தேன், தொண்டை வலியோ காய்ச்சலோ வந்ததா என்று நான்கு வார்த்தை போதும். பத்து கையாக இருந்தது மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பத்திலேயே நின்றால், உங்களுக்குக் குடி பெரிய தூண்டுதல் இல்லை, மருந்தைத்தான் மாற்ற வேண்டும். நான்குக்கு இறங்கினால், அப்புறம் ஒரு கல்யாணத்திலோ துக்க வீட்டிலோ குடிக்க நேர்ந்து அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் ஏறினால், உங்கள் தோல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏறுவது மறுநாளே நடக்காது. அதனால்தான் பலர் நேற்றுக் குடித்தேன், இன்று ஒன்றும் ஆகவில்லையே என்று தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

இதில் எதிர்த் திசையும் உண்டு. சலூன்காரர் தலையில் கை வைக்கத் தயங்குவது, வாய்க்காலில் பக்கத்தில் குளிக்கிறவர் நகர்ந்து போவது, பந்தியில் பக்கத்து இலைக்காரர் முழங்கையைப் பார்ப்பது, இதெல்லாம் தாங்காமல் குடிக்க ஆரம்பித்தவர்களும் எனக்குத் தெரியும். சொரியாசிஸ் தொற்றாது. உங்கள் சலூன்காரருக்கு ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நான் எழுதித் தந்திருக்கிறேன், வேலை செய்கிறது.

சரி, தம்பி விஷயம். எக்ஸிமாவில் மதுவின் தொடர்பு சொரியாசிஸ் அளவுக்கு உறுதியாக இல்லை. ஆனாலும் குடித்த ராத்திரி அரிப்பு தாங்கவில்லை என்று எக்ஸிமாக்காரர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். மது ரத்தக் குழாய்களை விரிக்கிறது, தோல் சூடாகிறது, வியர்க்கிறது. எக்ஸிமா தோலுக்குச் சூடும் வியர்வையும்தான் அரிப்பு. மது முதலில் தூங்க வைத்துவிட்டு நடு ராத்திரிக்கு மேல் தூக்கத்தைக் கலைத்துவிடும். அரைத் தூக்கத்தில் சொறிந்தது காலையில் ரத்தத் திட்டாக நிற்கும். அந்த அளவில் குடியைக் குறைத்தது அவருக்கும் நல்லதே செய்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் அதிகமானது? விரதத்தின் மற்ற பகுதிகளைப் பாருங்கள். மார்கழிப் பனியில் விடியற்காலையும் சாயங்காலமும் பச்சைத் தண்ணீர்க் குளியல், இரண்டு முறையும் சோப்பு. ஏற்கெனவே வறண்ட தோலில் மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையும் போய்விடும். புது கறுப்பு வேட்டியும் துண்டும் வியர்வையில் சாயம் விடும், அந்தச் சாயம் சிலருக்கு ஒவ்வாது. கழுத்தில் மணிமாலை நாள் முழுக்க உரசும். அதன்மேல் சந்தனம், குங்குமம். கடைச் சந்தனத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவருக்குக் கழுத்தில் அதிகமானது மாலை, துண்டு படுகிற இடத்தில் வட்டமாக, சந்தனம் வைத்த நெற்றியில், வேட்டி கட்டுகிற இடுப்பில் என்று வந்திருந்தால், அது தொடு ஒவ்வாமை. முழங்கை மடிப்பில் மட்டும் அதிகமாகியிருந்தால் பனியும் சோப்பும்தான். இரண்டும் கலந்தும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பேட்ச் டெஸ்ட் செய்து பார்க்கலாம். முதுகில் சிறு சிறு பொருட்களை ஒட்டி இரண்டு நாள் வைத்து, எடுத்த அன்றும் மறுபடி நான்காம் நாளும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, அதனால் மாலை போட்டிருக்கும்போது செய்துகொள்ள முடியாது, இப்போதே செய்துகொள்வது நல்லது.

அடுத்த வருஷம் மாலை போடும்போது அவர் வேட்டியை முன்னாலேயே மூன்று நான்கு முறை அலசிக்கொள்ளட்டும். சோப்பை அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, குளித்து ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத மாய்ஸ்ச்சரைசரோ தடவட்டும். சந்தனத்தை வீட்டில் கட்டையில் இழைத்து வைத்துப் பார்க்கட்டும், அதற்கும் அரித்தால் விபூதியோடு நிறுத்திக்கொள்ளலாம். அரிப்புக்காக மருந்துக் கடையில் அவில் வாங்கிப் போடுகிற வழக்கம் அவருக்கு இருந்தால், குடித்த ராத்திரி அது வேண்டவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும், அதோடு பைக் எடுத்தால் வாய்க்கால் மதகில்தான் போய் நிற்பார்.

அப்புறம், இருவரில் யாராக இருந்தாலும், சட்டென்று குறைகிறது என்று ஊரில் யாரோ போடுகிற ஸ்டீராய்டு ஊசிக்குப் போகாதீர்கள். சொரியாசிஸுக்கு அதன் வேகம் இறங்கும்போது உடம்பு முழுக்கச் சிவந்து உரிவதும், சீழ்க்கொப்புளமாகக் கிளம்புவதும் உண்டு. அப்படி ஆகி, குளிரும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் சேர வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரைப் பட்டை, பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு, போனில் இருக்கிற மார்கழிப் படம், மாசிப் படம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். குடிப்பீர்களா என்று கேட்டால் ‘எப்பவாவது’ என்று சொல்லாமல், எனக்கு எழுதியது போலவே வாரத்துக்கு எட்டு குவார்ட்டர், நிறுத்தியபோது கை நடுங்கியது என்று சொல்லுங்கள்.